பதினொரு மணிக்கு வரச் சொல்லும் சர்வர்

ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை வராந்தாவில் டிவி ஒன்றை மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் 30 புராஜெக்ட்டுகளின் பட்டியல் அதில் ஓட வேண்டும். எந்த புராஜெக்ட்டில் கடைசியாக எப்போது வேலை நடந்தது, எத்தனை புகார்கள் தீர்க்கப்படாமல் கிடக்கின்றன, எத்தனை பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் தெரிய வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பைத்தானில் சின்ன புரோகிராம் எழுதுகிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, 30 புராஜெக்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கித் திரையில் போடுவது அதன் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஓடவிடுகிறார். பட்டியல் அழகாக வருகிறது. 10.05க்கும் வருகிறது. 10.10க்கு டிவியில் ஒன்றுமில்லை. 10.15, 10.20, அப்போதும் இல்லை. மாணவர் கோடை வரி வரியாகப் பார்க்கிறார், தவறு எதுவும் தெரியவில்லை. 11 மணிக்கு யாரும் எதுவும் செய்யாமலேயே பட்டியல் திரும்ப வந்துவிடுகிறது. 11.10க்கு மறுபடி காணாமல் போகிறது.

மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஒழுங்காக ஓடும் புரோகிராம் என்றால், கோடை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்பது நல்லது. யார் என்று சொல்லிக்கொள்ளாமல் வருகிறவர்களுக்கு கிட்ஹப் ஒரு மணி நேரத்துக்கு 60 கேள்விகள் வரைதான் பதில் தரும். ஒரு சுற்றுக்கு 30 கேள்வி. இரண்டே சுற்றில் 60 தீர்ந்துவிட்டது.

இங்கே கேள்வி என்று நான் சொல்வதைத்தான் மென்பொருள்காரர்கள் ஏபிஐ கால் என்கிறார்கள். நாம் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து கண்ணால் படிக்கிறோம். அதே தகவலை ஒரு புரோகிராம் இன்னொரு நிறுவனத்தின் சர்வரிடம் நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழி ஏபிஐ. டாக்ஸி செயலியில் தெரியும் வரைபடம், பணம் கட்டியதும் வரும் எஸ்எம்எஸ் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி யாரோ யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனிதன் என்றால் ஒரு நிமிடத்தில் நான்கு பக்கம் திறப்பான். புரோகிராம் நொடிக்கு நானூறு கேட்கும், சலிக்காது. ஒரு `for` வளையத்தை முடிக்க மறந்துவிட்ட ஒரு மாணவரின் கணினி, மற்ற எல்லோருக்கும் போக வேண்டிய சர்வர் நேரத்தைத் தின்றுவிடலாம். அதனால்தான் வரம்பு.

வரம்பைத் தாண்டினால் சர்வர் சொல்ல வேண்டிய பதில் 429 என்ற எண். கூடவே `Too Many Requests` என்ற வாசகம். இந்த எண் இணையத்தின் ஆதிகாலத்திலிருந்து இருந்ததில்லை. 2012 ஏப்ரலில், மார்க் நாட்டிங்ஹாமும் ராய் ஃபீல்டிங்கும் எழுதிய RFC 6585 என்ற ஆவணத்தில்தான் அது முறையாக வந்தது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு வழக்கம். ட்விட்டர் தன் இஷ்டத்துக்கு 420 என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, `Enhance Your Calm` என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. 1993இல் வந்த ‘டெமாலிஷன் மேன்’ படத்தில் வரும் வசனம் அது. கிட்ஹப் இன்றும் 429க்குப் பதிலாக 403 அனுப்புவதுண்டு. 403 என்றால் பொதுவாக ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று பொருள். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டினால், வரம்பு தீர்ந்த விஷயத்தை பாஸ்வேர்டு கோளாறு என்று நினைத்து அரை நாளைத் தொலைக்கலாம்.

எண்ணைவிட முக்கியமானது அதோடு வரும் ஹெடர்கள். பதிலின் தலைப்பகுதியில் வரும் சின்னச் சின்னக் குறிப்புகள் அவை. நம் டிவி புரோகிராமுக்கு 10.10க்கு வந்திருக்கக்கூடிய பதிலின் தலையைப் பாருங்கள்:

```
HTTP/2 403
date: Mon, 05 Jan 2026 04:40:00 GMT
x-ratelimit-limit: 60
x-ratelimit-used: 60
x-ratelimit-remaining: 0
x-ratelimit-reset: 1767591000
```

மொத்தம் 60, செலவானது 60, மிச்சம் 0. கடைசி வரியில் உள்ள நீளமான எண்தான் விஷயம். 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணப்படும் நொடிக் கணக்கு அது. நம் நேரத்துக்கு மாற்றினால் 2026 ஜனவரி 5, காலை 11 மணி. அதாவது சர்வர் கதவைச் சாத்திவிட்டுப் பேசாமல் போய்விடவில்லை. ‘பதினொரு மணிக்கு வா’ என்று எழுதிக்கொடுத்திருக்கிறது. மாணவரின் புரோகிராம் அதைப் படிக்கவேயில்லை. மற்ற பல சேவைகள் இதையே `Retry-After: 120` என்று இன்னும் எளிதாகச் சொல்லும், அதாவது 120 நொடி கழித்து வா என்று. அந்த இடத்தில் நொடிக்குப் பதிலாக ஒரு தேதியும் நேரமும் வரலாம் என்று விதி அனுமதிக்கிறது. எண்தான் வரும் என்று நம்பி எழுதிய புரோகிராம் அன்றைக்குக் கவிழும்.

சரி, இந்த 60 யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? பெயர் சொல்லாமல் வந்தவரை ஐபி முகவரியை வைத்துத்தான் கிட்ஹப் அடையாளம் காண்கிறது. கல்லூரியில் நானூறு கணினிகள் இருந்தாலும், வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியாகத்தான் தெரியும். ஆகவே மூன்றாவது மாடி லேபில் 40 மாணவர்கள் ஆளுக்கு இரண்டு முறை அதே ஏபிஐயைத் தொட்டால் வரம்பு தாண்டிவிடும். வராந்தா டிவி பாவம், ஒரு கேள்விகூடக் கேட்காமலே மாட்டிக்கொள்ளும். ‘என் வீட்டில் ஓடுகிறது, காலேஜில் மட்டும் ஓட மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுதான் காரணம்.

இதற்குத் தீர்வு எளிது. கிட்ஹப் கணக்கில் ஒரு டோக்கன் எடுத்து, அதை ஒவ்வொரு கேள்வியோடும் அனுப்ப வேண்டும். வரம்பு மணிக்கு 60இலிருந்து 5,000 ஆகிவிடும். நம் டிவிக்குத் தேவை மணிக்கு 30 × 12 = 360தான். பத்து டோக்கன் எடுத்தால் 50,000 கிடைக்குமா என்று அடுத்த கேள்வி வரும். கிடைக்காது. அந்த 5,000 கணக்கு வைத்திருக்கும் ஆளுக்கானது. எத்தனை டோக்கன் எடுத்தாலும் அதே பையிலிருந்துதான் செலவாகும். இன்னொன்று, டோக்கனை வெப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிவைத்தால் பக்கத்தைத் திறக்கும் எவரும் எடுத்துக்கொண்டு போகலாம். அதை சர்வர் பக்கத்தில் மட்டும் வைத்திருக்க வேண்டும்.

டோக்கன் வந்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் மணிக்கணக்கு ஒரு வரம்புதான். அவசரப்பட்டு ஒரே மூச்சில் கொட்டுகிறவர்களைப் பிடிக்க கிட்ஹப் இரண்டாம் நிலை வரம்பு என்று வேறொன்றும் வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் 100க்கு மேல் கேள்விகள் நிலுவையில் இருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. 5,000இல் 4,800 மிச்சம் இருக்கும்போதே மறுப்பு வந்தால் இதுதான் காரணம். அப்போது மிச்சம் 0 என்று இருக்காது. `Retry-After` வந்தால் அதன்படி காத்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி மறுத்தால் ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது கிட்ஹப்பே தரும் அறிவுரை. மறுப்பு வந்த பிறகும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தால் உங்களைத் தடை செய்யலாம் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் இந்த வழக்கத்துக்கு பேக்ஆஃப் என்று பெயர். 1 நொடி, 2, 4, 8, 16, 32 என்று ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாகும். இது ஏபிஐ காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழு, தீவுகளில் இருந்த கணினிகளை வானொலியால் இணைத்து அலோஹாநெட்டை ஓடவிட்டது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் கெட்டுப்போகும். அப்படி ஆனால் இருவரும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும், அந்த நேரம் குலுக்கல் சீட்டு மாதிரி தற்செயலாக அமைய வேண்டும். பிறகு செராக்ஸ் நிறுவனத்தில் ராபர்ட் மெட்காஃப் உருவாக்கிய ஈதர்நெட் இன்னும் ஒரு படி போனது. மோதல் கூடக் கூட, அந்தக் குலுக்கலின் எல்லையை இரட்டிப்பாக்கியது. பத்து மோதல்களுக்குப் பிறகு 0 முதல் 1,023 வரை ஏதாவது ஓர் எண் வரும். பதினாறாவது முயற்சியும் மோதினால் கைவிட்டுவிடும்.

இரட்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு குலுக்கலை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் இன்றைய புரோகிராம்களில் நான் காணும் குறை. லேபில் 40 கணினிகளும் ஒரே நொடியில் மறுக்கப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் 1 நொடி காத்திருக்கும், 40ம் சேர்ந்து திரும்ப வரும், மறுபடி மறுக்கப்படும். 2 நொடி கழித்து 40ம் சேர்ந்து வரும். இடைவெளி பெருகுகிறது, நெரிசல் மட்டும் குறையவில்லை. அமேசானின் மார்க் ப்ரூக்கர் 2015இல் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து எழுதினார். இரட்டிப்பாகும் நேரத்தை அப்படியே காத்திருக்காமல், 0க்கும் அந்த எண்ணுக்கும் நடுவே எங்காவது ஒரு தற்செயல் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் கூட்டம் பரவலாகி, மொத்த முயற்சிகளும் கணிசமாகக் குறைகின்றன என்று காட்டினார். இந்தக் குலுக்கலுக்கு ஜிட்டர் என்று பெயர்.

அதே சமயம், பேக்ஆஃப் எதற்கும் உதவும் சர்வரோக நிவாரணி இல்லை. நம் டிவி 10.10க்கு மறுக்கப்பட்டது. 1, 2, 4 என்று 32 வரை கூட்டினாலும் 63 நொடிதான். 11 மணிக்கு இன்னும் 49 நிமிடம் இருக்கிறது. ஆறு முயற்சியும் வீண். எப்போது வரச் சொன்னார்களோ அப்போது போவதுதான் சரி. நேரம் சொல்லாதபோதுதான் இரட்டிப்பு. இந்த வரிசையைக் கோடாக எழுதினால் இவ்வளவுதான் ஆகிறது:

```python
import random
from email.utils import parsedate_to_datetime

def wait_seconds(r, n):
    h = r.headers
    if h.get("retry-after", "").isdigit():
        return int(h["retry-after"]) + random.uniform(0, 5)
    if h.get("x-ratelimit-remaining") == "0":
        now = parsedate_to_datetime(h["date"]).timestamp()
        gap = int(h["x-ratelimit-reset"]) - now
        return max(1, gap) + random.uniform(0, 5)
    return min(900, 60 * 2 ** n) + random.uniform(0, 30)
```

`n` என்பது இதுவரை எத்தனை முறை தோற்றோம் என்ற எண், முதல் தோல்விக்கு 0. முதல் இரண்டு பகுதிகளும் சர்வர் சொன்ன நேரத்தை மதிக்கின்றன. கடைசி வரி மட்டுமே பேக்ஆஃப், அதுவும் குலுக்கலைச் சேர்க்காமல் 900 நொடிக்கு மேல் போகாதபடி ஓர் உச்சவரம்போடு. இதில் ஒரு நுணுக்கம்: ‘இப்போது மணி என்ன’ என்பதை நம் கணினியிடம் கேட்காமல், பதிலோடு வந்த `date` ஹெடரிலிருந்து எடுத்திருக்கிறோம். லேப் கணினிகளில் ஒன்றின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடலாம். அந்தக் கடிகாரப்படி 11 மணி எப்போதோ கடந்துபோயிருக்கும். காத்திருக்க வேண்டிய நேரம் மைனஸில் வரும், புரோகிராம் காத்திருக்காமல் நொடிக்குப் பல முறை கதவைத் தட்டும். `max(1, gap)` என்று போட்டிருப்பதும் அந்த பயத்தால்தான்.

எதை மறுபடி முயல்வது என்பதிலும் கவனம் வேண்டும். 404 வந்தால் அப்படி ஒரு புராஜெக்ட்டே இல்லை அல்லது அதைப் பார்க்க அனுமதி இல்லை, ஆயிரம் முறை கேட்டாலும் வராது. 401 என்றால் டோக்கன் செல்லாது. இவற்றை ரீட்ரை செய்வது மிச்சமிருக்கும் கோட்டாவையும் கரைக்கும் வேலை. தகவலைப் படிக்கும் கேள்விகளை எத்தனை முறை திரும்பக் கேட்டாலும் சேதமில்லை. பணம் அனுப்புவது, ஆர்டர் போடுவது போன்றவை வேறு. 429 வந்தால் பொதுவாக வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பதிலே வராமல் நேரம் கடந்துபோனால் வேலை நடந்ததா இல்லையா என்று தெரியாது. அப்போது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போகலாம்.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. மணிக்கு 360 கேள்விகள் எதற்கு? 30 புராஜெக்ட்டுகளும் கல்லூரியின் பெயரில் உள்ள ஒரே அமைப்பின் கீழ் இருந்தால், மொத்தப் பட்டியலையும் ஒரே கேள்வியில் வாங்கலாம். `per_page=100` என்று சேர்த்தால் ஒரு பதிலில் 100 புராஜெக்ட் வரை வரும். கடைசியாக மாறிய நேரம், நட்சத்திரங்களின் எண்ணிக்கை, திறந்திருக்கும் புகார்கள் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. 360 இப்போது 12 ஆகிவிட்டது. டோக்கனே இல்லாமலும் 60க்குள் அடங்கும். வரம்பில் மாட்டிக்கொண்ட பல புரோகிராம்களைப் பிரித்துப் பார்த்தால், ஒன்றொன்றாகக் கேட்கும் ஒரு வளையம் நடுவில் உட்கார்ந்திருக்கும். ரீட்ரை கோடை மெருகேற்றுவதற்கு முன் அதைத் தேடுவதே மேல்.

அந்த 12லும் பெரும்பாலானவை தேவையற்றவை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாணவர்கள் புராஜெக்ட்டை மாற்றிக்கொண்டேவா இருக்கிறார்கள்? போன முறை வந்த பதிலையே வைத்துக்கொள்ளலாமே. அதற்குத்தான் கேஷ். பதிலை வாங்கியதும் ஒரு ஃபைலிலோ டேட்டாபேஸிலோ போட்டுவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே எடுப்பது. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதையும் சர்வரே சொல்கிறது. கிட்ஹப்பின் பதிலில் `cache-control` என்ற ஹெடரில் `max-age=60` என்று இருக்கும், 60 நொடி வரை இது புதிது என்று பொருள்.

60 நொடிக்குப் பிறகும் பழைய பதிலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிலோடும் `etag` என்ற ஓர் அடையாளக் குறி வருகிறது. அந்தப் பதிலின் கைரேகை என்று சொல்லலாம். அடுத்த முறை கேட்கும்போது அந்தக் குறியையும் சேர்த்து அனுப்பினால், ‘என்னிடம் இது இருக்கிறது, மாறியிருந்தால் மட்டும் புதியது கொடு’ என்று கேட்டதாக ஆகும்:

```
curl -i -H "Authorization: Bearer $TOKEN" \
  -H 'If-None-Match: "644b5b0155e6404a9cc4bd9d8b1ae730"' \
  "https://api.github.com/orgs/ORG/repos?per_page=100"
```

ஒன்றும் மாறவில்லையென்றால் 304 என்ற எண் மட்டும் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. நம்மிடம் உள்ள பழைய பட்டியலையே திரையில் போட்டுக்கொள்ளலாம். இதில் கிட்ஹப் ஒரு சலுகையும் தருகிறது. 304 வந்தால் அந்தக் கேள்வி மணிக்கணக்கு வரம்பில் சேராது. ஆனால் சரியான டோக்கனோடு கேட்டிருக்க வேண்டும். டோக்கன் இல்லாமல் கேட்டு 304 வாங்கினால் கணக்கில் ஒன்று குறையத்தான் செய்யும். இந்தக் கடைசி நிபந்தனை தெரியாமல், ‘ஈடேக் போட்டும் கோட்டா கரைகிறதே’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம்: அடுத்தடுத்த இரண்டு பதில்களில் `x-ratelimit-remaining` எண் அப்படியே நிற்க வேண்டும்.

கேஷில் தவறக்கூடிய இடங்களும் இருக்கின்றன. முதலாவது, மறுப்பையே சேமித்துவைப்பது. ‘வந்தது எதுவானாலும் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்’ என்று எழுதிவிட்டால், 429ம் ஐந்து நிமிடம் டிவியில் நிற்கும். 429 பதிலைக் கேஷில் வைக்கவே கூடாது என்று அந்த 2012 ஆவணமே கண்டிப்பாகச் சொல்கிறது. சரியாகச் செய்வதென்றால், மறுப்பு வந்தால் கடைசியாக வந்த நல்ல பதிலைக் காட்டி, மூலையில் ‘10.05 மணி நிலவரம்’ என்று போட வேண்டும். பழையது என்று தெரிந்து பார்ப்பவர் யாரும் ஏமாறுவதில்லை. இரண்டாவது, முகவரியை மட்டும் வைத்துச் சேமிப்பது. ஒருவரின் டோக்கனுக்குத் தனிப்பட்ட புராஜெக்ட்டுகளும் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. முகவரி ஒன்றுதானே என்று முதலாமவருக்கு வந்த பதிலை இரண்டாமவருக்குக் கொடுத்தால் ரகசியம் வெளியே போய்விடும். யாருக்கு வந்த பதில் என்பதும் கேஷின் சாவியில் இருக்க வேண்டும்.

லேபின் 40 கணினிகளுக்கும் இதே பட்டியல் வேண்டுமென்றால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக கேஷ் வைப்பதில் லாபம் குறைவு. கல்லூரிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வரை வைத்து, அது மட்டும் கிட்ஹப்பைக் கேட்டு, மற்ற எல்லோரும் அதைக் கேட்கட்டும். டோக்கனும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கும். அந்த சர்வர் ஒரு வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். சேமித்த பதில் காலாவதியாகும் நொடியில் 40 பேரும் ஒன்றாகக் கேட்டால், அது 40 முறை கிட்ஹப்புக்கு ஓடக் கூடாது. முதலில் வந்தவருக்காக ஒரு முறை போய்வர, மற்றவர்கள் அந்தப் பதிலுக்காக நிற்க வேண்டும். நிரலில் ஒரு பூட்டு போட்டால் நடந்துவிடும்.

கேட்கவே வேண்டாம், மாற்றம் நடந்ததும் கிட்ஹப்பே வந்து சொல்லட்டும் என்றும் ஏற்பாடு செய்யலாம். வெப்ஹுக் என்று அதற்குப் பெயர். ஒரு முகவரியைக் கொடுத்துவைத்தால், மாணவர் எதையாவது மாற்றியதும் கிட்ஹப் அங்கே செய்தி அனுப்பும். ஆனால் அந்த முகவரி வெளியிலிருந்து எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கல்லூரி நெட்வொர்க்குக்குள் இருக்கும் கணினியை வெளியே திறந்துவைக்கச் சொன்னால் சிஸ்டம் அட்மின் பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகவே வராந்தா டிவிக்கு ஈடேக்கும் ஐந்து நிமிட இடைவெளியும்தான் வசதிப்படும்.